ஆச்சு என்று சொன்ன பிறகு

கோட்டைப்பட்டினம்
9.2.2025

அன்புள்ள சொர்ணம் அண்ணிக்கு,

கார்த்திகா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன் இருக்கிற காலத்தில் கடிதம் வந்தால் யாரும் பயந்துதான் போவார்கள். நீங்களும் மலையாண்டி அண்ணனும் சுகமா? பனியில் முல்லைக் கொடிகள் எப்படி இருக்கின்றன?

சில நாட்களாக உங்கள் போனை நான் எடுக்கவில்லை. காரணத்தைப் போனில் சொன்னால் சண்டையாகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் கீழ்வீட்டு ஜெய்தூன் அக்கா மாடியேறி வந்தார். கையில் மூடி போட்ட கிண்ணம். முகத்தில் ஒரு தயக்கம்.

"ஒங்க நாத்தனா போன் போட்டாக. 'சாப்பிட்டாச்சுன்னுதான் சொல்றா, நெசமாவே சாப்பிடுறாளான்னு கொஞ்சம் பாருங்க'ன்னாக. நான் என்னத்தப் பாக்குறது? ஒங்க அடுப்படிய எட்டிப் பாக்க முடியுமா? அதான் கொஞ்சம் தாளிச்ச சோறு எடுத்தாந்தேன்" என்றார்.

வீடு பார்க்க வந்தபோது அவர் நம்பரை நீங்கள் வாங்கி வைத்தது வாடகை விஷயத்துக்கு என்று நினைத்திருந்தேன். என் அடுப்பில் அப்போது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாசம் வாசல்வரை வந்தது. அவருக்கும் வெட்கம், எனக்கும் வெட்கம். கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

உங்கள் தம்பி போய் மூன்று வருடமாகிறது. அவருக்குப் பதிலாக மின்வாரியத்தில் எனக்கு வேலை கொடுத்து, ஒரு ஊரின் மீட்டரையெல்லாம் என்னை நம்பி விட்டிருக்கிறார்கள். நான் எழுதுகிற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். சாப்பிட்டேன் என்று நான் சொல்வதை மட்டும் உங்களால் நம்ப முடியவில்லையா அண்ணி?

கொஞ்ச காலம் போன் வேண்டாம். எழுதுங்கள். நானும் எழுதுகிறேன். உறவு வேண்டாம் என்பதாக நினைத்துவிடாதீர்கள்.

அண்ணனுக்கு என் வணக்கம். ஜனனி ஹாஸ்டலிலிருந்து வந்தால் அத்தை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கார்த்திகா


கீரமங்கலம்
16.2.2025

கார்த்திகாவுக்கு சொர்ணம் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அதனால் கேட்கவில்லை.

கடிதத்தை உன் அண்ணன்தான் வாங்கி வந்தார். படித்துவிட்டு நான் மறுபடி மடித்து வைத்ததைப் பார்த்து, "என்ன, சாப்பாட்டுக் கேசுல மாட்டிக்கிட்டியா?" என்றார். அவருக்கு எல்லாம் விளையாட்டு.

சாப்பிட்டியா என்று கேட்டது ஒரு குற்றமா? பூக்கமிஷன் கடையில் ஏறும்போது கேட்கிறேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளைக் கேட்கிறேன். பால்காரரைக் கேட்கிறேன். ஒருத்தரும் எனக்குக் கடிதம் போடவில்லை. அதைக் கேட்காமல் ஒரு பேச்சை எப்படித் தொடங்குவது? எடுத்த எடுப்பில் "பென்ஷன் பேப்பர் என்னாச்சு?" என்றா?

ஜெய்தூன் அம்மாவிடம் கேட்டது உண்மை. நீ அங்கே தனியாக இருக்கிறாய். உன் குரல் இறங்கி இருந்தது. கேட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், இது சாப்பாட்டுக் கேள்வி இல்லை. என் தம்பி போனதோடு நீயும் நானும் யாரோ எவரோ ஆகிவிட்டோமா?

இனிமேல் போன் வராது. 

இப்படிக்கு,
சொர்ணம்

~~வேளாவேளைக்குச் சாப்பிடு~~ (எழுதிவிட்டு அடித்துவிட்டேன். கை பழக்கம்.)


கோட்டைப்பட்டினம்
14.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நலம். வெயில் மட்டும் இப்போதே சுடுகிறது. உங்களுக்கு முழங்கால் வலி தேவலையா? விடியுமுன் பனியில் நின்று பூப்பறிப்பது அதற்கு ஆகாது என்று டாக்டர் சொன்னாரே.

அடித்த வரியைப் படித்துச் சிரித்தேன். அடிக்கத் தெரியாத மாதிரி அடித்திருக்கிறீர்கள்.

யாரோ எவரோ இல்லை அண்ணி. அப்படியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்காது. அந்தக் கேள்வியை வேலைக்குப் போகிற தெருவெல்லாம் கேட்கிறார்கள், ஒரு நாளும் வலித்ததில்லை. மீட்டர் பார்க்கப் போனால் மீன் ஆய்ந்துகொண்டே, "வாங்க, சாப்டீங்களா?" என்பார்கள். "ஆச்சுக்கா, நீங்க?" என்பேன். "இனிமேதான்" என்பார்கள். அதற்குள் மீட்டரைப் பார்த்து அட்டையில் எழுதிவிடுவேன். நான் நிஜமாகச் சாப்பிட்டேனா என்று அவர்களும் ஆராய்வதில்லை, அவர்கள் எப்போது சாப்பிடுவார்கள் என்று நானும் யோசிப்பதில்லை. ஆனாலும் அது பொய்யான பேச்சு இல்லை. 'உன்னைப் பார்த்தேன், நீ யாரோ இல்லை' என்று சொல்லிக்கொள்கிறோம். ஒரு நாள் தலைசுற்றி, "இன்னும் இல்லக்கா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஆய்ந்த மீனைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிச் சோறு போட எழுந்துவிட்டார்கள். அப்போதுதான் புரிந்தது, கேட்கிறவர் அதற்குத் தயாராகத்தான் கேட்கிறார் என்று. அதனால்தான் நாமும் பெரும்பாலும் ஆச்சு என்கிறோம்.

இப்போது நோன்பு மாதம். ஜெய்தூன் அக்கா பகலெல்லாம் தண்ணீர்கூடத் தொடாமல் இருக்கிறார். மதியம் நான் வந்தால், "சாப்பிட்டு வந்தீங்களா, இனிமேயா?" என்று கேட்கிறார். எனக்குத் திருப்பிக் கேட்க வராது. சாயங்காலம் பள்ளிவாசல் பாங்கு சொன்ன பிறகு, "நோன்பு தொறந்தாச்சாக்கா?" என்று கேட்டுக் கணக்கைச் சரிசெய்வேன். ஒரு சொம்பு கஞ்சி வரும்.

உங்கள் போனில் என்ன நடக்கும் தெரியுமா? 'சாப்பிட்டியா?' 'ஆச்சு.' அங்கே நிற்காது. 'என்ன கொழம்பு?' 'ஒருத்திக்குன்னு வச்சியா, நேத்து வச்சதா?' 'கொரல் ஒரு மாதிரி இருக்கே, நெசமாவா?' முதல் கேள்வி அன்பு. இரண்டாவதும் அன்புதான் என்று வைத்துக்கொள்வோம். நாலாவது கேள்வி வரும்போது நான் பரீட்சை எழுதுகிற பிள்ளையாகிவிடுகிறேன். மாடியேறிக் கிண்ணம் வந்தபோது பரீட்சையில் காப்பியடித்ததாகப் பிடிபட்ட மாதிரி இருந்தது.

அண்ணனிடம், கேஸ் இன்னும் தள்ளுபடியாகவில்லை என்று சொல்லுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
கார்த்திகா


கீரமங்கலம்
13.4.2025

கார்த்திகாவுக்கு,

நாங்கள் சௌக்கியம். முழங்கால் அப்படியேதான். கோடைப் பூ வந்துவிட்டது. விடியுமுன் கொல்லைக்குப் போய், பறித்து, கமிஷன் கடையில் போட்டுத் திரும்பினால் உச்சிவெயில். எழுத நேரமில்லை. இது ஒரு காரணம். இன்னொரு காரணம், உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. ஆறட்டும் என்று வைத்திருந்தேன்.

நாலு கேள்வி கேட்பதாக எண்ணி வைத்திருக்கிறாய். சரி. நான் எப்போது அப்படிக் கேட்க ஆரம்பித்தேன் என்பது நினைவிருக்கிறதா? ரெங்கராஜ் போன மறுநாள். நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். வந்தவர்கள் எல்லோரும் ஏதோ கேட்டார்கள். நீ யாருக்கும் வாய் திறக்கவில்லை. நான் ரசஞ்சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு, "ஒரு வாய் சாப்பிடுறியா?" என்று கேட்டேன். வேண்டாமென்று தலையை ஆட்டினாய். தட்டோடு கூடவே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஒரு வாய் வாங்கினாய். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தம்பிக்கு நான் செய்ய இனி ஒன்றும் இல்லை, இவளைச் சாப்பிட வைக்கலாம் என்று நினைத்தேன். அன்று நீ 'ஆச்சு' என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்கக் கூடாது. நம்பாமல் கேட்டதால்தான் சாப்பிட்டாய்.

இன்னொன்று. மீட்டர் பார்க்கப் போகிற வீட்டிலெல்லாம் "ஆச்சுக்கா, நீங்க?" என்று கேட்கிறாயாம். ஜெய்தூன் அம்மாவுக்கு நோன்பு என்பதால் கேட்க முடியாமல், சாயங்காலம்வரை காத்திருந்து கேட்கிறாயாம். படித்துவிட்டு யோசித்தேன். இந்த மூன்று வருடத்தில் நீ என்னை ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்டதில்லை. 'ஆச்சு' என்பாய். அவ்வளவுதான். அதன் பிறகு சத்தமே இருக்காது. அந்தச் சத்தமில்லாத இடத்தை நிரப்பத்தான் என்ன குழம்பு என்று கேட்டேன்.

சித்திரைப் பிறப்புக்கு நல்லபடியாக இரு.

சொர்ணம்


கோட்டைப்பட்டினம்
21.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே சுகம். வருடப் பிறப்புக்கு எனக்காக ஒரு துண்டு மாங்காய் போட்டுப் பச்சடி வைத்தேன். அதை நானாகவே சொல்கிறேன். நீங்களும் அண்ணனும் நலமென்று கடிதத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் சொன்னது உண்மை. திருப்பிக் கேட்டதில்லை. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டால் பேச்சு நீளும், நீண்டால் அடுத்த கேள்வி வரும் என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிற மாதிரி 'ஆச்சு' சொல்லியிருக்கிறேன். 'நீங்க?' என்று ஒரு சொல் சேர்க்காத வரைக்கும் அது பதிலே இல்லை. தெருவில் தெரிந்த மரியாதை உங்களிடம் தெரியாமல் போய்விட்டது.

அந்த ரசஞ்சோறும் நினைவிருக்கிறது. அன்று எல்லோரும் கேட்டது எனக்குப் பதில் தெரியாத கேள்விகள். இனி எங்கே இருப்பாய், என்ன செய்வாய் என்று. உங்கள் கேள்விக்கு மட்டும் தலையசைத்தால் போதும். அது இல்லாமல் அந்த வாரத்தை நான் தாண்டியிருக்க மாட்டேன். ஆனால் அண்ணி, இன்றும் அதே குரலில் கேட்கும்போது, நான் இன்னும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று நீங்கள் நினைப்பது போலிருக்கிறது.

இங்கே மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. விசைப்படகுகள் எல்லாம் கரையில். மதிய நேரம் ஒரு வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவரிடம் வழக்கம்போல நானே முந்திக்கொண்டு, "சாப்டீங்களாக்கா?" என்றேன். "ஆச்சு, ஆச்சு" என்று இரண்டு தரம் அவசரமாகச் சொன்னார். உள்ளே அடுப்பு எரிந்த வாசமே இல்லை. என் கையில் பில் போடுகிற போன். தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். 'நீங்க?' என்று அவர் கேட்கவில்லை. கேட்டு, நான் இல்லையென்றால், போட ஏதுமில்லை. அந்தக் கேள்வியில் என்ன தப்பு, எல்லா வீட்டிலும் கேட்பதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படியிறங்கினேன். நீங்கள் பூக்கடையையும் பால்காரரையும் சொன்னது போலவே.

இல்லாதவரிடமும், மறைக்க ஒன்று வைத்திருப்பவரிடமும் அதைக் கேட்டால் சுருக்கென்றுதான் இருக்கும் போலிருக்கிறது. 

அண்ணனுக்கு வணக்கம். நீங்கள் எப்போது சாப்பிடுகிறீர்கள்? கடிதத்தில் கேட்பது பொருத்தமாக இல்லைதான். இது போய்ச் சேர்வதற்குள் எத்தனையோ வேளை கடந்திருக்கும். இருந்தாலும் கேட்கிறேன்.

கார்த்திகா


கோட்டைப்பட்டினம்
18.5.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. முழங்காலா, கோபமா? முழங்காலாக இருந்தால் அண்ணனை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நான் நலமே.

பதில் வராததன் காரணம் எனக்குக் கொஞ்சம் தெரியும். மறைக்க ஒன்று வைத்திருப்பவர் என்று எழுதியிருந்தேனே, அது யாரென்று யோசித்திருப்பீர்கள். தபாலில் போட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. சொல்லிவிடுகிறேன்.

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் அண்ணி. அதுதான் நான் மறைத்தது.

உங்கள் தம்பி ராத்திரி தாமதமாகத்தான் சாப்பிடுவார். அவர் சாப்பிட்ட பிறகு நான். மீன் வாடை அவருக்கு ஆகாது, நம் வீட்டில் எப்போதாவதுதான் வாங்குவோம். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. நல்ல மனிதர். அவர் இல்லாததை இன்றும் சில நாள் தாங்க முடிவதில்லை. அதெல்லாம் இருக்க, இங்கே வந்த பிறகு, வேலை முடிந்து பொழுது சாயுமுன் பசித்தால் பசித்த உடனே சாப்பிடுகிறேன். நாட்டுப்படகுக்காரர்கள் கரையோரம் வலை போட்டு நண்டு கொண்டு வருகிறார்கள். உயிரோடு வாங்கி, மிளகு இடித்துப் போட்டு, ஒருத்திக்கு மூன்று நண்டு வைக்கிறேன். ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு காலாகக் கடித்து உறிஞ்சுகிறேன். யாரும் அவசரப்படுத்துவதில்லை. நாற்பத்திரண்டு வயதில் எனக்கு என்ன பிடிக்கும் என்பது இப்போதுதான் தெரிகிறது.

நீங்கள் கவலையோடு 'சாப்பிட்டியா' என்கிறபோது விரலில் மசாலாவோடு போனைப் பிடித்திருப்பேன். 'ஆச்சு' என்பேன். என்ன குழம்பு என்றால், ரசம் என்று பொய் சொல்வேன். என் பொய்தான் உங்களுக்குக் குரலில் கேட்டிருக்கிறது. சாப்பிடாத குரல் அல்ல அது, ருசித்துச் சாப்பிட்டதை அவருடைய அக்காவிடம் சொல்ல முடியாத குரல்.

இதைப் படித்த பிறகு நீங்கள் எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன். எழுதினால் சந்தோஷப்படுவேன்.

கார்த்திகா


கீரமங்கலம்
25.5.2025

கார்த்திகா,

நலம். முழங்கால் இல்லை, கோபமும் இல்லை. என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அறந்தாங்கி வந்து பஸ் மாறி வருகிறேன். நான் மட்டும்தான். நண்டு வாங்கி வை.

சொர்ணம்


கீரமங்கலம்
5.6.2025

கார்த்திகாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நான் கொண்டுவந்த பலாப்பழத்தில் பாதியை ஜெய்தூன் அம்மாவுக்குக் கொடுத்தாயா? போகும்போது கண்டக்டர், "இதுக்கு ஒரு டிக்கெட், ஒங்களுக்கு ஒரு டிக்கெட்" என்று கேலி செய்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். "பழத்துக்கு சீட்டும் குடுத்தா டிக்கெட் எடுக்குறேன்" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

நேரில் சொல்லாததை எழுதுகிறேன். போன் இல்லாததும் ஒரு விதத்தில் நல்லதுதான். போனில் இதைச் சொல்ல வாய் வராது.

நீ தரையில் காலை நீட்டி உட்கார்ந்து நண்டை உடைத்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். உதட்டில் மசாலா. கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினாய். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் தம்பி மண்ணில் கிடக்கிறான், இவள் இப்படி ருசித்துச் சாப்பிடுகிறாளே என்று. ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். எழுந்துவிடலாமா என்றும் தோன்றியது. மூன்று வருடமாக நீ சாப்பிட வேண்டும் என்று தவித்தவள் நான்தான். நீ சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்ததும் பொறுக்கவில்லை. அப்படியானால் நான் கேட்டது எதற்கு? நீ 'இல்லை' என்று சொல்ல வேண்டும் என்றா? எனக்கே பயமாக இருந்தது.

அப்போது நீ உன் இலையிலிருந்த பெரிய நண்டை எடுத்து என் இலையில் வைத்தாய். "கீழ இருந்து ஒடைங்க அண்ணி, சதை முழுசா வரும்" என்றாய். உடைத்தேன். முழுசாக வந்தது. கோபம் எப்போது போனதென்று தெரியவில்லை. சோறு இன்னும் வேண்டும் என்று நானே கேட்டேன், பார்த்தாய் அல்லவா?

நான் எப்போது சாப்பிடுகிறேன் என்று கேட்டிருந்தாய். பூப்போட்டு வந்து, உச்சியில், நின்றுகொண்டே, மிச்சம் இருப்பதை. உன் அண்ணனும் ஜனனியும் கேட்பதில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, நான்தானே கேட்கிறவள். இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறேன். உன் அண்ணன், "என்ன, கோட்டைப்பட்டினத்துப் பழக்கமா?" என்கிறார்.

போன் செய்யலாமா என்று சொல். வாரத்துக்கு ஒரு தடவை. கேட்டால் ஒரே கேள்வி கேட்பேன். ஆச்சு என்றால் ஆச்சுதான். சில நாள் வாய் நீளும், அதட்டிவிடு.

ஜெய்தூன் அம்மாவிடம், சோறு கொண்டுவர வைத்ததற்கு நான் வருந்துவதாகச் சொல்.

சொர்ணம்


கோட்டைப்பட்டினம்
15.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்கள் உட்கார்ந்து சாப்பிடுவது நலத்திலும் நலம்.

பலாப்பழம் கொடுத்தேன். நீங்கள் சொன்னதையும் சொன்னேன். "அதுக்கென்ன, அவுக அந்த போன் பண்ணலன்னா எனக்கு ஒங்க அடுப்பு வாசமே தெரிஞ்சிருக்காது. இப்ப நண்டு வச்சா என்னையும் கூப்புடுறீங்கல்ல" என்றார்.

தடைக்காலம் நேற்றோடு முடிந்து படகுகள் கடலுக்குப் போய்விட்டன. அடுப்பு எரியாத அந்த வீட்டுப் பக்கம் இன்று போனேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. வெயிலைப் பற்றிப் பேசினேன். அவர்தான், "சாப்டீங்களா?" என்றார், முகத்தைப் பார்த்து.

அன்று உங்கள் கோபத்தை நான் பார்த்தேன் அண்ணி. என் கையிலிருந்த நண்டு அப்படியே நின்றது. என்ன சொல்வதென்று தெரியாமல்தான் பெரியதை எடுத்து வைத்தேன். நீங்கள் எழுந்து போயிருந்தாலும் தப்பென்று சொல்லியிருக்க மாட்டேன். போகவில்லை. இரண்டாம் முறை சோறு கேட்டபோது நான் அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேனே, சோறு தீரவில்லை, கண்ணைத் துடைத்தேன்.

போன் செய்யுங்கள். என் முறைக்கு நானும் செய்வேன், நானும் கேட்பேன்.

இன்னொரு செய்தி. கல்யாணமோ காதுகுத்தோ, யார் வீட்டுக்குப் போனாலும் நான் வயிற்றை நிரப்பிக்கொண்டுதான் போவேன். கேட்டால் தயங்காமல் 'ஆச்சு' சொல்லலாம் பாருங்கள். கல்யாணமாகி உங்கள் வீட்டுக்கு முதன்முதலாக விருந்துக்கு வந்தபோதுகூட ரெண்டு இட்லி தின்றுவிட்டுத்தான் வந்தேன், அவருக்குக்கூடத் தெரியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கீரமங்கலம் வருகிறேன். சாப்பிடாமல் வருவேன்.

கார்த்திகா